அத்தியாயம் 4: ஒரு வார்டின் குப்பைக் கணக்கு

பெரும்பாலான நகராட்சிகளில் வார்டுக்கான குப்பைச் செலவு மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. சென்ற ஆண்டு இவ்வளவு, இந்த ஆண்டு பத்து சதவீதம் கூட்டிக்கொள் என்று கணக்குப் பிரிவில் போடுகிறார்கள். அந்தத் தொகை எத்தனை வீட்டுக்கு எத்தனை வண்டி, எத்தனை ஆள் என்று யாருக்கும் தெரியாது. கவுன்சிலரோ வார்டு குழுவோ கேட்டால் "போன வருஷ எஸ்டிமேட்படி" என்ற பதில்தான் வரும். இந்த அத்தியாயத்தில் நாம் கீழிருந்து மேலே ஏறுகிறோம். வீட்டு வாசலில் வைத்த வாளியில் தொடங்கி உரக்கூடத்தின் கடைசித் தொட்டி வரை போய், அங்கே நின்று தொகையைக் கூட்டப் போகிறோம்.

இதற்காக ஒரு மாதிரி வார்டை எடுத்துக்கொள்கிறேன். நடுத்தர நகராட்சி ஒன்றில் 1,500 வீடுகள், ஏறத்தாழ 6,000 பேர், இரண்டு கடைத்தெரு, ஒரு கல்யாண மண்டபம். கீழே வரும் கூலியும் விலையும் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியையும் உங்கள் ஊர் விலையையும் அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது. தெரு கூட்டுவதையும் வாய்க்கால் தூர்வாருவதையும் இதில் சேர்க்கவில்லை. அவற்றை இதோடு கலந்தால் எந்த ஆள் எதற்கு என்பது ஆண்டு முழுவதும் புரியாது.

முதலில் எடை

ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு குப்பை போடுகிறார் என்பது ஊருக்கு ஊர் மாறும். நம் கணக்கில் 350 கிராம் என்று வைத்தால் வீடுகளிலிருந்து 2,100 கிலோ, கடைகளிலிருந்து 300 கிலோ, ஆக நாளுக்கு 2,400 கிலோ. ஆனால் உங்கள் வார்டுக்கு இந்த 350 கிராமை நம்பாதீர்கள். வசதியான தெரு ஒன்று, நெருக்கமான குடியிருப்பு ஒன்று, கலப்பான தெரு ஒன்று என மூன்று இடங்களில் ஐம்பது ஐம்பது வீடுகளின் குப்பையை ஒரு வாரம் முழுவதும் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் எடை போதாது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக் கழிவு திங்கள் காலையில்தான் வாசலுக்கு வரும். அமாவாசை, கிருத்திகை வந்தால் வாழை இலை கூடும்.

நம் வார்டில் பிரித்துப் பார்த்தால் மக்கும் குப்பை 1,350 கிலோ, மக்காத உலர் குப்பை 700 கிலோ, மீதி 350 கிலோ சானிட்டரி நாப்கின், டயபர், மண், தூசி என்று வருகிறது. உலர் குப்பையின் எடை பார்க்கச் சிறியதாக இருக்கும். வீட்டிலேயே செய்தித்தாளும் பாட்டிலும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுவதால் நம்மிடம் வருவது பெரும்பாலும் விலை போகாத பிளாஸ்டிக் உறைகள்தான். எடை குறைவு, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அடுத்த பகுதியின் சிக்கலே இதுதான்.

வண்டி நிறைவது கிலோவால் அல்ல

பேட்டரி வண்டியை வாங்கும்போது எத்தனை கிலோ இழுக்கும் என்று பார்த்து வாங்குகிறார்கள். தெருவில் அது கிலோவால் நிறைவதில்லை, லிட்டரால் நிறைகிறது. எட்டுத் தொட்டிகள் கொண்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். தொட்டிக்கு 100 லிட்டர், மொத்தம் 800 லிட்டர். ஒரு நடைக்கு 150 வீடுகள் என்றால் மக்கும் குப்பை 113 கிலோ வரும். அது ஈரமாக அமுங்கியிருப்பதால் 225 லிட்டருக்குள் அடங்கிவிடும். சானிட்டரியும் மற்றவையும் 130 லிட்டர். உலர் குப்பை 67 கிலோதான், ஆனால் கன மீட்டருக்கு 100 கிலோ அளவுக்கே அடங்கும் உப்பலான பொருள் என்பதால் 670 லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். கூட்டினால் ஆயிரம் லிட்டருக்கு மேல் போகிறது.

அப்போது என்ன நடக்கும்? வண்டியின் பக்கவாட்டில் சாக்குகள் தொங்கும். சாக்கும் நிறைந்த பிறகு பணியாளர் வேறு வழியில்லாமல் உலர் குப்பையைப் பாதி காலியாக இருக்கும் பச்சைத் தொட்டியில் அமுக்குவார். வீட்டில் பிரித்துக் கொடுத்தது வண்டியிலேயே கலந்துவிடும். அதைப் பார்க்கும் வீட்டுக்காரர் மறுநாளிலிருந்து பிரிக்க மாட்டார். "நாங்க பிரிச்சுத்தான் குடுக்குறோம், நீங்கதான் ஒண்ணாக் கொட்டுறீங்க" என்ற புகார் உங்கள் வார்டில் கேட்டால், பணியாளரைக் கடிந்துகொள்வதற்கு முன் வண்டியின் லிட்டரைக் கணக்கிடுங்கள்.

இதற்குக் கூடுதல் பேட்டரி வண்டி தீர்வல்ல. உலர் குப்பையைத் தினமும் வாங்காமல் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஒரு குட்டியானை வண்டியில் தனியாக எடுங்கள். வீட்டில் நாலு நாள் வைத்திருந்தாலும் அது நாறாது. பேட்டரி வண்டி அப்போது மக்கும் குப்பையையும் சானிட்டரியையும் மட்டும் சுமக்கும். பாதி நிறையும் தொட்டிகளில் கலப்பதற்குக் காரணமே இருக்காது.

இனி நேரம். ஒரு வீட்டில் விசில் ஊதி, வாளி வாங்கி, பார்த்து, கொட்டி, நகர 35 வினாடி ஆகும். 150 வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். உரக்கூடம் போய்க் கொட்டித் திரும்ப முக்கால் மணி நேரம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குள் இரண்டு நடை, அதாவது 300 வீடுகள். அதற்கு மேல் நீட்டினால் வீடு பூட்டியிருக்கும், வேலைக்குப் போகிறவர்கள் குப்பையைக் காலி மனையில் வீசிவிட்டுப் போவார்கள். ஆக நம் வார்டுக்கு ஐந்து வண்டிகள். பழுதுக்கு மாற்று வண்டி ஒன்றைப் பக்கத்து வார்டுகளோடு பகிர்ந்துகொள்ளலாம்.

வண்டியைத் திட்ட நிதியில் வாங்கித் தந்துவிடுவார்கள். பேட்டரியை யாரும் தருவதில்லை. தினமும் ஓடும் லெட்-ஆசிட் பேட்டரித் தொகுப்பு ஒன்றரை, இரண்டு ஆண்டில் தளர்ந்துவிடும். மாற்றத் தொகுப்புக்கு 45,000 ரூபாய் என்று வைத்தால், வண்டிக்கு ஆண்டுக்கு 30,000 ஒதுக்க வேண்டும். இந்த ஒரு வரி பட்ஜெட்டில் இல்லாததால் டயர் நன்றாக இருக்கும் வண்டிகள் நகராட்சி வளாகத்தில் செடி முளைத்துக் கிடக்கின்றன. பேட்டரி தளர்வதை முன்கூட்டியே அறியலாம்: இரண்டாவது நடையின் பாதியில் மேட்டுத் தெருவைத் தவிர்க்கத் தொடங்குவார்கள். புகார்ப் பதிவேட்டில் ஒரே தெருவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் பேட்டரியைச் சோதியுங்கள்.

ஆள் கணக்கில் விடுபடும் மூவர்

ஒரு வண்டிக்கு ஓட்டுநர் ஒருவர், உடன் ஒருவர். ஐந்து வண்டிக்குப் பத்துப் பேர் என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்வதுதான் வழக்கம். வாரம் ஏழு நாளும் குப்பை வருகிறது, ஒருவர் ஆறு நாள்தான் வேலை செய்ய முடியும். பத்தை ஏழால் பெருக்கி ஆறால் வகுத்தால் 11.7. காய்ச்சல், விசேஷம், விடுப்பு என்று பத்தில் ஒருவர் வராத நாளையும் சேர்த்தால் பதின்மூன்று. இந்த மூவரைப் போடாவிட்டால் வாரத்தில் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு வண்டி நிற்கும், அல்லது வார விடுமுறையே இல்லாமல் ஆட்கள் உழைப்பார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. அது கணக்கில் மிச்சமாகத் தெரிவதால் யாரும் கேட்பதில்லை.

தினக்கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் 15,600. இதன்மேல் வேலை தருபவர் கட்ட வேண்டிய வருங்கால வைப்பு நிதி 13 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். ஆக ஒருவருக்கு மாதம் 18,135. வேலை ஒப்பந்ததாரரிடம் இருந்தாலும் இந்தத் தொகை மதிப்பீட்டில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். "ஒரு நபருக்கு இவ்வளவு" என்று மொத்தமாக எழுதிய ஒப்பந்தத்தில் ஈ.எஸ்.ஐ. கட்டப்பட்டதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. மாதப் பட்டியலோடு செலுத்துச்சீட்டின் நகல் வராமல் பில்லைப் பாஸ் செய்ய வேண்டாம் என்று சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கையுறை, காலணி, சீருடை, மழைக்கோட்டுக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 6,000 ஒதுக்குகிறேன். இதில் கையுறைதான் பெரும் பங்கு. ஆண்டுக்கு இரண்டு ஜோடி கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது பயன்படாது. ஈரக் குப்பையில் ஒரு ஜோடி மூன்று, நான்கு வாரம் தாங்கினால் அதிகம்.

உரக்கூடம்: தொட்டிகளை நாளால் எண்ணுங்கள்

நகராட்சி நுண் உரக்கூடம் கட்டும்போது "ஐந்து டன் கொள்ளளவு" என்று பலகை வைக்கிறது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உரக்கூடத்தின் உண்மையான கொள்ளளவை முடிவு செய்வது தொட்டிகளின் எண்ணிக்கையும் ஒவ்வொரு தொட்டியும் எத்தனை நாள் அடைபட்டிருக்கிறது என்பதும்தான்.

நம் வார்டின் 1,350 கிலோவில் தேங்காய் ஓடு, இளநீர்க் கூடு, தப்பி வந்த பிளாஸ்டிக் போகத் தொட்டிக்குள் போவது 1,200 கிலோ. இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றே கால் மீட்டர் உயரமுள்ள தொட்டி, அரவை இயந்திரத்தில் நறுக்கிய குப்பை 2,400 கிலோவைக் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் ஒரு தொட்டி நிறையும். நிறைந்த தொட்டி காலியாகிக் கழுவித் திரும்பக் கைக்கு வர 45 நாள் ஆகும். 45-ஐ இரண்டால் வகுத்தால் இருபத்து மூன்று தொட்டிகள். பொங்கல், ஆயுத பூஜை போன்ற நாட்களுக்கு இரண்டு கூட்டி இருபத்தைந்து.

பல இடங்களில் இதற்குப் பதிலாகப் பதினான்கு தொட்டிகள் இருக்கும். 28 நாளில் எல்லாம் நிறைந்துவிடும். இருபத்தொன்பதாம் நாள் வந்த குப்பையை எங்கே போடுவது? முதல் தொட்டியைத் திறந்து வேகாததை அள்ளி வெளியே குவிப்பார்கள். அந்தக் குவியலில் புழு நெளியும், கசிவு நீர் ஓடும், பக்கத்துத் தெருக்காரர்கள் மனு கொடுப்பார்கள், உரக்கூடமே வேண்டாம் என்று சாலை மறியல் நடக்கும். இயந்திரம் கெட்டது, ஆட்கள் சரியில்லை என்று விசாரணை போகும். காரணம் வெறும் வகுத்தல் கணக்கு.

உள்ளே வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதை வார்டு உறுப்பினர்களே சோதிக்கலாம். ஒவ்வொரு தொட்டியின் மேலும் நிரப்பிய தேதி எழுதிய பலகை இருக்க வேண்டும். தேதி அழிந்திருந்தால் அதுவே ஒரு பதில். நான்கைந்து நாள் ஆன தொட்டியின் நடுவில் இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகி எடுத்தால் பிடிக்க முடியாத சூடு இருக்கும். உள்ளே 55 டிகிரியைத் தாண்டினால்தான் நோய்க் கிருமியும் களை விதையும் சாகும். ஒரு கைப்பிடியை அழுத்திப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், காய்ந்த சருகு கலக்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் சாணக் கரைசல் தெளிக்க வேண்டும். அழுகல் நாற்றம் அடித்தால் காற்றுப் புகவில்லை, வாரம் ஒருமுறை புரட்டும் வேலை நடக்கவில்லை. உரம் முடிந்ததா என்பதற்குச் சலித்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். பை உப்பி, திறந்ததும் மூக்கில் ஏறினால் இன்னும் வேகவில்லை.

இருபத்தைந்து தொட்டிக்கு நிரப்ப, புரட்ட, சலிக்க மூன்று பேர், மாற்றாளோடு நான்கு பேர் போதும். உலர் குப்பையைத் தரம் பிரிக்கும் வள மீட்பு மையத்தில் இன்னொரு நான்கு பேர். உர விற்பனையை வருவாயில் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். 1,200 கிலோவிலிருந்து கிடைப்பது நாளுக்கு 240 கிலோ அளவுதான். அதையும் விவசாயிகள் ஆடிப் பட்டத்துக்கு முன் கேட்பார்கள், ஐப்பசி மழையில் கேட்க மாட்டார்கள். வருவாய்ப் பகுதியில் பூஜ்யம் என்று எழுதிவிடுங்கள். வந்தால் அடுத்த ஆண்டு பேட்டரிக்கு உதவும்.

கோழிக்கடைக் கழிவை எக்காரணம் கொண்டும் இந்தத் தொட்டிகளுக்குள் விடாதீர்கள். கல்யாண மண்டபமும் அப்படியே. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்களைப் பெருமளவில் கழிவு உருவாக்குவோர் என்று 2016 விதிகளே தனியாக வகைப்படுத்தின. முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்தின் இலையும் சோறும் ஒரு தொட்டியை ஒரே இரவில் நிரப்பிவிடும். அவர்களின் கணக்கைத் தனியாக வைத்து, தனிக் கட்டணத்தில் தீர்க்க வேண்டும்.

விழிப்புணர்வுத் தொகையை எங்கே வைப்பது

இதுவரை போட்ட ஆள் கணக்கு பத்தில் ஒன்பது வீடு பிரித்துத் தருகிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. அது பத்தில் ஆறாக இறங்கினால் நாளுக்கு 720 கிலோ கூடுதலாகக் கலந்து வரும். ஒருவர் கையால் நாளுக்கு 200 கிலோ பிரிக்கலாம் என்று வைத்தால் நான்கு பேர், மாற்றாளோடு ஐந்து பேர் வேண்டும். ஆண்டுக்குப் பதினொரு லட்சம். அப்படிப் பிரித்தாலும் உரத்தில் கண்ணாடித் துண்டும் பேட்டரிச் செல்லும் இருக்கும். எனவே விழிப்புணர்வு என்பது உரக்கூடத்தின் கூலிச் செலவைத் தவிர்க்கும் தொகை. அதைச் சுவர் ஓவியத்திலும் பள்ளிப் பேரணியிலும் கரைக்காதீர்கள். ஓவியத்தைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கிய வீட்டை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வேலை செய்வது வாசலில் நடக்கும் பேச்சு. பரப்புரையாளர் மூன்று பேரை முதல் நான்கு மாதம் வண்டியோடு அனுப்புங்கள். ஒருவர் ஒரு காலையில் நூறு வீடு பார்ப்பார். ஒரே வீட்டுக்கு முதல் நாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று மூன்று முறை போக வேண்டும். முதல் முறை கேட்டுக்கொள்வார்கள், இரண்டாம் முறை சந்தேகம் கேட்பார்கள். முட்டை ஓடு எதில், முடி எதில், எண்ணெய் படிந்த காகிதம் எதில் என்று வரும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் வேண்டும். கலந்து வைத்த வாளியை மூன்றாம் முறையில் வாங்காமல் திருப்பித் தரும் உரிமை பணியாளருக்கு உண்டு என்று கவுன்சிலர் முன்கூட்டியே தெருவில் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் பணியாளரை முன்னே தள்ளினால் வசவு வாங்குவது அவர்தான்.

நான்கு மாதத்துக்குப் பிறகு மூவரில் ஒருவரை மட்டும் ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். வைகாசியிலும் ஆவணியிலும் மாறுவார்கள். புதிதாக வந்த வீட்டைப் பிடிக்க அந்த இரண்டு மாதமும் அவருக்குத் தெருப் பட்டியல் தேவை. மாதம் 12,000 என்றால் இருபது ஆள்-மாதத்துக்கு 2.4 லட்சம், துண்டறிக்கைக்கும் வாசல் ஸ்டிக்கருக்கும் 40,000.

கூட்டுத் தொகை

| இனம் | ஆண்டுக்கு (லட்சம் ரூபாய்) |
|---|---|
| வீட்டு வசூல் பணியாளர் 13 பேர் | 28.3 |
| உரக்கூடம் 4, உலர் பிரிப்பு 4 பேர் | 17.4 |
| பேட்டரி வண்டிகளின் மின்சாரம், பராமரிப்பு | 2.4 |
| பேட்டரி மாற்று ஒதுக்கீடு | 1.5 |
| புது வண்டிக்கான ஒதுக்கீடு | 2.5 |
| உலர் குப்பை வண்டி வாடகை | 2.1 |
| உரக்கூட மின்சாரம், கரைசல், பழுது | 1.8 |
| பாதுகாப்புப் பொருட்கள் | 1.3 |
| விழிப்புணர்வு | 2.8 |
| கடைசிக் கழிவை ஏற்றிச் செல்ல | 0.8 |
| மொத்தம் | 60.9 |

வீட்டுக்கு மாதம் சுமார் 340 ரூபாய். சொத்து வரியோடு வசூலிக்கும் குப்பைக் கட்டணம் இதற்கு அருகில்கூட வராது. மீதி பொது நிதியிலிருந்துதான் வர வேண்டும். திட்ட மானியங்கள் பெரும்பாலும் வண்டி, கொட்டகை, இயந்திரம் என்ற மூலதனச் செலவுக்கே வருகின்றன. அட்டவணையில் முக்கால் பங்கு கூலி என்பதைக் கவனியுங்கள். மானியத்தை நம்பிக் கொட்டகை கட்டிவிட்டு, ஆண்டு முழுவதும் ஆள் வைக்க எந்த நிதி என்று கேட்காத வார்டுகளில்தான் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது.

நகராட்சி பட்ஜெட் மார்ச்சுக்குள் மன்றத்தில் நிறைவேறும். அதனால் எடை பார்ப்பதை நவம்பரில் முடித்து, டிசம்பரில் வார்டு குழுவில் வைத்து, ஜனவரி முதல் வாரத்தில் ஆணையருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதன்பின் கொடுத்தால் பழைய எஸ்டிமேட்தான் அச்சாகும்.

ஆண்டின் நடுவில் பார்க்க வேண்டியது எடைப் பதிவேடு ஒன்றுதான். அதில் தினமும் 1,350 என்ற ஒரே எண் இருந்தால் யாரும் தராசில் ஏற்றவில்லை. உண்மையான பதிவேட்டில் திங்கள்கிழமை உயர்ந்து நிற்கும், மழை நாள் எடை கூடும், பள்ளி விடுமுறையில் சில தெருக்கள் இறங்கும். மூன்று மாதச் சராசரி உங்கள் மதிப்பீட்டிலிருந்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் செப்டம்பரில் திருத்திய மதிப்பீடு கேளுங்கள். கேட்கும்போது தொட்டி எண்ணிக்கையை முதலில் எழுதுங்கள், ஆட்களை அதன் கீழே எழுதுங்கள்.